தலாஸ் போர்க் கைதிகள்தான் காகிதத்தை மேற்கே கொண்டுபோனார்களா? (பாட்காஸ்ட் வரைவு, கருத்து தேவை)

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 3, இரவு 9.12

வரலாற்று வகுப்பில் ஆளுக்கொரு பாட்காஸ்ட் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எட்டு நிமிடம். ஏதாவது ஒரு பழங்காலக் கண்டுபிடிப்பு தொலைவில் இருந்த சமூகங்களுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டும். நான் காகிதத்தை எடுத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பு அது; முதல் அரை நிமிடத்தில் பிடித்து உட்கார வைக்காவிட்டால் பாதிப் பேர் உறங்கிவிடுவார்கள். அதனால் சண்டையில் தொடங்கியிருக்கிறேன்:

"கி.பி. 751, ஜூலை மாதம். மத்திய ஆசியாவில் தலாஸ் ஆற்றங்கரை. சீனாவின் தாங் பேரரசுப் படையும் அப்பாசியக் கலீபாவின் படையும் மோதுகின்றன. சீனர்களுக்குத் துணையாக வந்த கார்லுக் துருக்கியர் கட்சி மாறுகிறார்கள். சீனப் படை சிதறுகிறது. சிறைப்பட்டவர்களில் சிலருக்குக் காகிதம் செய்யத் தெரியும். அவர்களைச் சமர்கந்துக்குக் கொண்டுபோகிறார்கள். சீனா நூற்றாண்டுக் கணக்கில் பொத்திக் காத்த ரகசியம் ஒரே நாளில் கைமாறுகிறது."

இதில் எது நிற்கும், எது நிற்காது? கடைசி வாக்கியத்தை மட்டும் தொடாதீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நாலாம் மாடி | பிப்ரவரி 3, இரவு 9.40

அருமை. எதையும் மாற்ற வேண்டாம். காகிதத்தைக் கண்டுபிடித்தவர் சாய் லுன், ஆண்டு கி.பி. 105. அரண்மனை அலுவலர். மரப்பட்டை, சணல், கந்தல், பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கிச் செய்தார். வெளியே சொன்னால் மரண தண்டனை. 751இல் ரகசியம் போயிற்று, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் பாக்தாத்தில் காகிதப் பட்டறை வந்துவிட்டது. இதுதான் வரிசை. மேலே நேரடியாக இத்தாலிக்குப் போய்விடுங்கள் தம்பி.

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 3, இரவு 11.05

கடைசி வாக்கியத்தைத்தான் முதலில் தொட வேண்டும்.

காகிதம் ரகசியமாக இருந்ததே இல்லை. கொரியாவிலும் வியட்நாமிலும் தலாஸ் போருக்கு நெடுங்காலம் முன்பே காகிதம் செய்தார்கள். ஜப்பானின் பழைய அரச வரலாறு, 610இல் கொரியாவிலிருந்து வந்த தம்ஜிங் என்ற பௌத்தத் துறவிக்கு வண்ணம், காகிதம், மை மூன்றும் செய்யத் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறது. யாரும் அவர் தலையை வெட்டவில்லை. மரண தண்டனைக் கதையை வழக்கமாகப் பட்டுப்புழுவுக்குச் சொல்வார்கள். நாலாம் மாடி அதைக் காகிதத்தின் மேல் ஒட்டிவிட்டார்.

சாய் லுன் 105இல் அரசவையில் காகிதத்தைச் சமர்ப்பித்தார் என்பது சீன அரச வரலாற்றில் இருக்கிறது. ஆனால் கான்சு மாநிலத்தில் ஃபாங்மாதான் என்ற இடத்துக் கல்லறையில் கோடுகள் வரைந்த ஒரு காகிதத் துண்டு 1986இல் கிடைத்தது. அது கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாய் லுன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுக்கு முன்! அவர் செய்ததைச் செய்முறையைச் சீராக்கியது, மலிவான மூலப்பொருளைச் சேர்த்தது, அரசின் ஆதரவைப் பெற்றது என்று சொன்னால் போதும்.

தலாஸைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதற்குள் ஒரு கேள்விக்கு விடை தேடி வையுங்கள் தம்பி: அந்தக் கைதிக் கதையை முதலில் எழுதியவர் யார், எப்போது?

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 4, காலை 7.20

தம்பியில்லை ஐயா, தங்கை.

தேடினேன். அல் தஆலிபி. நிஷாப்பூரைச் சேர்ந்தவர், 1038இல் இறந்தவர். சமர்கந்தின் சிறப்புகளைச் சொல்லும் இடத்தில் காகிதத்தைக் குறிப்பிட்டு, அரபுத் தளபதி ஸியாத் இப்னு ஸாலிஹ் பிடித்துவந்த சீனக் கைதிகளால் அந்தத் தொழில் அங்கே வந்தது என்கிறார். ஆக, போர் நடந்து ஏறக்குறைய 300 ஆண்டுக்குப் பிறகு எழுதியது.

காலை உணவின்போது இன்னொன்றும் உறைத்தது. சாய் லுன் கதையை எழுதிய ஃபான் யே 5ஆம் நூற்றாண்டுக்காரர். அங்கேயும் 300 ஆண்டுக்கு மேல் இடைவெளி. சீனாவில் ஓர் ஆள், சமர்கந்தில் ஒரு நாள். இரண்டுமே காலம் கடந்து எழுதப்பட்டவை. இதையே பாட்காஸ்டின் முதுகெலும்பாக்கலாமா என்று யோசிக்கிறேன்.

பனங்காடு | பிப்ரவரி 4, காலை 10.15

எழுத்து பரவியதைப் பற்றிப் பேசுகிறீர்கள், நம் ஓலைச்சுவடியை ஒருவரும் சொல்லவில்லை. காகிதம் வருவதற்கு முன்பே நாம் நூல் எழுதியிருக்கிறோம். எங்கள் தாத்தா வீட்டில் இரண்டு கட்டு ஏடு இருந்தது, வைத்தியம். பரணில் கரையான் அரித்துப் போயிற்று. மாணவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு ஏன் சீனாவுக்குப் போகிறார்கள்?

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 4, மதியம் 1.30

கேள்வி எழுத்தைப் பற்றியதில்லை ஐயா, எழுதும் பொருளைப் பற்றியது. ஓலையை ஒதுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், உங்கள் ஏடு எனக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது.

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 4, இரவு 10.50

தங்கைக்கு: தேடியது சரி. இனி எதிர்ப்பக்கச் சான்றுகளைப் பார்ப்போம்.

1907இல் தொல்லியல் ஆய்வாளர் ஆரல் ஸ்டைன் சீனாவின் வடமேற்கு எல்லையிலுள்ள துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு பாழடைந்த காவல்கோபுரத்தில் மடித்துக் கட்டிய கடிதங்களைக் கண்டெடுத்தார். சமர்கந்தைச் சுற்றியிருந்த சோக்தியர்கள் தங்கள் மொழியில் எழுதியவை. அவர்கள்தான் அன்று சீனாவுக்கும் மேற்குக்கும் இடையே ஓடிய வணிகர்கள். கடிதங்களின் காலம் சுமார் 313. எல்லாம் காகிதத்தில். ஒன்று பட்டிலும் துணியிலும் பொதிந்து, சமர்கந்துக்கு என்று முகவரி எழுதப்பட்டது. போய்ச் சேரவில்லை, தபால்பை நடுவழியில் தங்கிவிட்டது.

அதாவது தலாஸ் போருக்கு நானூறு ஆண்டுக்கு மேல் முன்பே சமர்கந்துக்காரன் ஒருவன் சீனாவில் உட்கார்ந்து காகிதத்தில் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். வீட்டில் அதைப் பிரித்துப் படிப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறான். காகிதம் அந்த ஊருக்குப் புதுமையாக இருந்திருக்காது.

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 5, காலை 6.45

அந்தக் கடிதங்களின் மொழிபெயர்ப்பை இரவெல்லாம் படித்தேன். துன்ஹுவாங்கில் கணவன் விட்டுப்போன மிவ்னாய் என்ற பெண் எழுதிய கடிதம் ஒன்று அதில் இருக்கிறது. கையில் காசில்லை, ஊருக்குத் திரும்ப யாரும் உதவவில்லை, கணவனின் உறவினரும் கைவிரித்துவிட்டார்கள். உனக்கு மனைவியாக இருப்பதைவிட ஒரு நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருந்திருக்கலாம் என்று கணவனுக்கே எழுதுகிறாள்.

தலாஸ் சண்டையைத் தூக்கிவிட்டேன். பாட்காஸ்ட் மிவ்னாயுடன் தொடங்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் இதற்கு யாரும் உறங்க மாட்டார்கள்.

புது வரைவு: "சுமார் 1700 ஆண்டுக்கு முன், பாலைவன விளிம்பில் ஒரு பெண் கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். அவள் திட்டுவதைக் கேட்பதற்கு முன் அவள் எதில் எழுதுகிறாள் என்று பாருங்கள்."

நாலாம் மாடி | பிப்ரவரி 5, காலை 9.30

கடிதம் சுவையாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவள் சீன எல்லைக்குள் உட்கார்ந்து கடையில் வாங்கிய காகிதத்தில் எழுதுகிறாள். பயன்படுத்துவது வேறு, செய்வது வேறு. என்னிடம் கைக்கடிகாரம் இருக்கிறது. பிரித்தால் மறுபடி பூட்டத் தெரியாது. சமர்கந்துக்காரர்கள் நானூறு ஆண்டு காகிதம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கலாம், கைதிகள் வந்தபின் செய்யத் தொடங்கியிருக்கலாம். தலாஸ் கதைக்கு இதனால் ஒரு கீறலும் இல்லை.

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 5, மதியம் 12.10

இந்த இழையில் நாலாம் மாடி சொன்னதிலேயே இதுதான் கனமான கேள்வி. முக் மலைச் சான்று அவர் பக்கமே சாய்கிறது.

இன்றைய தாஜிகிஸ்தானில் முக் மலைக் கோட்டையில் 1930களின் தொடக்கத்தில் ஒரு சிற்றரசனின் ஆவணக் கட்டு கிடைத்தது. பெயர் தேவாஷ்டிச். அரபுப் படைக்குத் தப்பி மலையேறி, 722இல் பிடிபட்டுக் கொல்லப்பட்டவன். அவனுடைய அலுவலகத்தில் தோல், மரக்குச்சி, காகிதம் மூன்றிலும் எழுதியிருக்கிறார்கள். காகிதங்களில் சில, ஒரு பக்கம் சீன எழுத்து இருக்கும் பழைய தாள்கள். மறுபக்கத்தில் சோக்திய மொழியில் எழுதிக்கொண்டார்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? தலாஸுக்கு முப்பது ஆண்டு முன் சமர்கந்துப் பகுதியில் அரச அலுவலகம் வரை காகிதம் புழங்கியது. உள்ளூரிலேயே தாராளமாகச் செய்திருந்தால் சீனர் எழுதிக் கழித்த தாளின் முதுகில் எதற்காக எழுத வேண்டும், மரக்குச்சியை எதற்காகச் சீவ வேண்டும்? ஆனால் பற்றாக்குறைக்குப் போரும் காரணமாக இருக்கலாம். மலைக்கோட்டையில் ஒளிந்திருக்கும் அரசன் கையில் கிடைத்ததில்தான் எழுதுவான்.

எனக்குத் தோன்றுவது: காகிதத் தொழில் துர்ஃபான் பக்கத்துச் சோலைநகரங்களிலிருந்து பௌத்த மடங்களையும் வணிகரையும் ஒட்டி மெல்ல மேற்கே நகர்ந்திருக்க வேண்டும். இது என் ஊகம். ஒரு பட்டறையின் இடிபாடு சமர்கந்தில் 751க்கு முந்தைய மண்ணடுக்கில் கிடைத்தால்தான் உறுதி.

அச்சுமை | பிப்ரவரி 5, இரவு 8.00

படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வரலாறு தெரியாது, காகிதம் தெரியும். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக அச்சகம். யாரும் மையைப் பற்றிப் பேசவில்லையே.

சீனர்கள் தூரிகையால் எழுதுகிறார்கள். தூரிகைக்கு மெல்லிய, கொஞ்சம் மையை உறிஞ்சும் தாள் போதும். சோக்தியரும் அரபுகளும் நாணற்பேனாவால் எழுதுகிறவர்கள். கூரான முனை. உறிஞ்சும் தாளில் அந்தப் பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவும், முனை நாரைக் கிளறும். நாணற்பேனா வாங்கி, பசையேற்றாத கைவினைத் தாளில் ஒரு வரி எழுதிப் பார்த்தால் புரியும்.

ஆகவே அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தாளை வாங்கி அப்படியே பயன்படுத்துவது எளிதாக இருந்திருக்காது. வேட்டிக்குக் கஞ்சி போடுவதுபோல் தாளுக்கும் கஞ்சி ஏற்றி, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்க்க வேண்டும். தாளில் கஞ்சி இருக்கிறதா என்று பார்க்க அயோடின் ஒரு சொட்டுப் போதும், கருநீலமாக மாறும். வகுப்பில் செய்து காட்டலாம். ஆனால் இன்றைய நகலெடுக்கும் தாளில் சொட்டுவிட்டாலும் பெரும்பாலும் நீலமாகும், அதிலும் மாவுப்பசை உண்டு. அதனால் "இது பழைய தாள்" என்று யாரையும் ஏமாற்ற முடியாது.

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 5, இரவு 9.25

அண்ணா, பாட்காஸ்டில் அயோடினை எப்படிக் காட்டுவது?

அச்சுமை | பிப்ரவரி 5, இரவு 9.31

அதுவும் சரிதான். சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 6, மாலை 5.10

அயோடினைப் பிடித்துக்கொண்டு போனதில் எதிர்பாராத இடத்தில் போய் நின்றேன்.

19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியர்கள் ஒரு கதை வைத்திருந்தார்களாம். அரபுகளின் காகிதம் பஞ்சிலிருந்து செய்த மட்டமான சரக்கு. துணிக்கந்தலிலிருந்து நல்ல காகிதம் செய்ததை இத்தாலியரோ ஜெர்மானியரோதான் கண்டுபிடித்தார்கள் என்று. எகிப்தின் ஃபாயூம் பகுதியிலிருந்து வியன்னாவுக்குப் போன பழைய தாள்களை 1880களில் யூலியஸ் வீஸ்னர் என்ற தாவரவியலாளர் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார். ஆளி நாரால் நெய்த துணியின் கந்தல். மேலே மாவுப்பசை. பஞ்சுக் காகிதம் என்று ஒன்றே இல்லை. ஆக, கந்தல் காகிதம் அரபுகளின் கண்டுபிடிப்பு என்று வாசகம் மாறியது.

கதை அத்தோடு நிற்கவில்லை. ஸ்டைன் கொண்டுவந்த தாள்களையும் அதே வீஸ்னர் பிறகு ஆராய்ந்தார். காவல்கோபுரக் கடிதங்களும் கந்தல் காகிதம்! மிவ்னாய் காலத்துத் தாளிலேயே கந்தல் இருக்கிறது. ஐரோப்பாவிடமிருந்து பெருமை அரபுகளுக்குப் போய், அங்கேயும் தங்காமல் கிழக்கே போய்விட்டது. சாய் லுன் பட்டியலிலேயே கந்தல் இருந்ததே, அதை யாரும் நம்பவில்லையா?

வேறு ஒன்றும் தோன்றுகிறது. முசுக்கட்டை மரப்பட்டை கிடைக்காத வறண்ட ஊர்களில் பழந்துணிதான் எளிதில் கிடைக்கும் நார். ஏற்கெனவே யாரோ நூற்று, நெய்து, பலமுறை வெளுத்துப் பாதி வேலையை முடித்துவைத்த நார். மரப்பட்டையைச் சாம்பல் நீரில் வேகவைத்து நாரைப் பிரிக்கும் பாட்டை அது குறைக்கிறது. காகிதம் பாலைவனத்தைத் தாண்டியதற்குச் சண்டையைவிடக் கந்தல் பெரிய காரணம் என்று எழுதலாமா?

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 6, இரவு 10.20

எழுதுங்கள். "பெரிய காரணம்" என்பதை "இன்றியமையாத காரணம்" என்று மாற்றினால் நான் கையெழுத்துப் போடுவேன். கந்தல் இல்லாமல் முடியாது. கந்தல் மட்டும் இருந்தும் பயனில்லை.

வட ஆப்பிரிக்காவில் ஆண்ட ஸீரி குடும்பத்து இளவரசர் இப்னு பாதிஸ் பெயரில் வழங்கும் 11ஆம் நூற்றாண்டுக் கையேட்டில் செய்முறை வருகிறது: நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது, கசக்குவது, வெயிலில் உலர்த்துவது, மறுபடி ஊறவைப்பது, கழுவுவது, உரலில் இடிப்பது, தொட்டி நீரில் கலக்கிச் சல்லடை போன்ற அச்சில் ஏந்துவது. படித்தால் எளிது. ஆனால் கூழ் எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும், அச்சை எந்தக் கணத்தில் அசைத்து நாரைப் பின்ன வைக்க வேண்டும் என்பது எழுத்தில் வராது. நான் ஒரு பட்டறையில் முயன்றபோது கிடைத்தது தாளில்லை, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஓட்டை விழுந்த ஏதோ ஒன்று. பக்கத்தில் நின்ற பெரியவர் சொல்லிக் கொடுக்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து அசைத்தார்.

ஆகவே எங்கோ ஓர் ஆள் இடம்பெயர்ந்துதான் ஆக வேண்டும். கைதியாகவா, துறவியாகவா, கூலிக்காரனாகவா என்பதுதான் கேள்வி.

நாலாம் மாடி | பிப்ரவரி 6, இரவு 10.41

அப்படியானால் கைதி என்று சொன்ன தஆலிபியை ஏன் தள்ளுகிறீர்கள்?

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 7, காலை 6.30

தள்ளவில்லை. தனிச்சாட்சியாக ஏற்க மறுக்கிறேன். இன்னொரு சாட்சி இருக்கிறார். அவர் அங்கேயே இருந்தவர்.

தூ ஹுவான். தலாஸில் சிறைப்பட்ட சீனர். பத்தாண்டுக்கு மேல் அப்பாசியர் நாட்டில் இருந்து, 762இல் வணிகக் கப்பலேறிக் குவாங்சௌ துறைமுகத்துக்குத் திரும்பினார். கண்டதை எழுதினார். நூல் தொலைந்துவிட்டது, உறவினர் தூ யூ தம் பெருந்தொகுப்பில் எடுத்தாண்ட பகுதிகள் மட்டும் மிஞ்சின. ஈராக்கின் கூஃபா நகரில் பார்த்த சீனக் கைவினைஞர்களை அதில் பட்டியலிடுகிறார்: பட்டு நெசவாளர்கள், பொன் வெள்ளி வேலை செய்பவர்கள், ஓவியர்கள். சிலரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். காகிதம் செய்பவர் ஒருவரும் இல்லை.

நாலாம் மாடி | பிப்ரவரி 7, காலை 8.15

அவர் பார்த்தது கூஃபா. தஆலிபி சொல்வது சமர்கந்து. நடுவே எத்தனை நூறு காதம்! மேலும் நூலில் பாதிக்கு மேல் தொலைந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். தொலைந்த பக்கத்தில் காகிதக்காரர் இருந்திருந்தால்?

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 7, காலை 8.50

இருந்திருக்கலாம். அதனால்தான் "இல்லை என்று நிரூபணமாகிவிட்டது" என்று யாராவது பேசினாலும் எனக்குக் கோபம் வரும்.

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 7, இரவு 9.00

நீங்கள் இருவரும் சண்டை போடுவதை அப்படியே பாட்காஸ்டில் வைக்கலாம் என்று முடிவு செய்தேன். என் தோழி தஆலிபியாகவும் நான் தூ ஹுவானாகவும் மாறி மாறிப் பேசுவோம். ஒருவர் "கைதிகள் கொண்டுவந்தார்கள்" என்பார், மற்றவர் "நானே கைதி, நான் பார்க்கவில்லையே" என்பார். தீர்ப்புச் சொல்ல மாட்டோம். தோழிக்குக் குரல் கணீரென்று இருக்கும், அவள்தான் வெல்வாள் போலிருக்கிறது. அது நாலாம் மாடி ஐயாவுக்கு ஆறுதல்.

பாக்தாத் பகுதிக்கு வருகிறேன். 8ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அங்கே காகிதம் அரசு அலுவலகத்துக்குள் நுழைகிறது. இப்னு கல்தூன் அதை ஃபத்ல் இப்னு யஹ்யா என்ற பர்மகி அமைச்சர் கணக்கில் எழுதுகிறார்: எழுத்து வேலை பெருகிற்று, தோல் போதவில்லை, காகிதம் செய்யச் சொன்னார். கல்கஷந்தி இன்னொரு காரணம் சொல்கிறார். தோலில் எழுதியதைச் சுரண்டி மாற்றி எழுதிவிடலாம். காகிதத்தில் மை ஊறிவிடுவதால் சுரண்டினால் தெரிந்துவிடும். வரிக்கணக்கில் தில்லுமுல்லு செய்ய முடியாது.

எனக்கு இரண்டாவது காரணம்தான் பிடித்திருக்கிறது. இருவருமே 14, 15ஆம் நூற்றாண்டுக்காரர்கள் என்பதை மட்டும் கணக்கில் வைக்க வேண்டும். மறுபடியும் காலம் கடந்த சாட்சிகள்! ஆனால் இங்கே தாள்களே சாட்சி சொல்கின்றன. காகிதத்தில் எழுதிய அரபு நூல்களில் ஆண்டு குறிப்பிட்டவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று 866ஆம் ஆண்டுக்குரியது, லைடனில் இருக்கிறது. அதே நூற்றாண்டின் இறுதியில் எகிப்தில் ஒருவர் பாப்பிரஸில் கடிதம் எழுதிவிட்டு, காகிதத்தில் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்கிறார்.

அச்சுமை | பிப்ரவரி 7, இரவு 9.40

சுரண்டல் விஷயம் உண்மை. ஆனால் கஞ்சியை அதிகம் ஏற்றி நன்றாகத் தேய்த்த தாளில் மை மேலேயே நிற்கும். ஈரத்துணியால் துடைத்துக்கூட எடுக்கலாம். பழைய கணக்கர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? எழுத வழவழப்பு வேண்டும், மோசடியைத் தடுக்க உறிஞ்ச வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். எந்த அளவில் நிறுத்தினார்கள் என்பது யாருக்காவது தெரியுமா?

(இந்தக் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் தரவில்லை. மேலே ஏற்றி வைக்கிறேன். கடைசிப் பெஞ்சு)

பனங்காடு | பிப்ரவரி 8, காலை 11.20

என் ஏடு பயன்படும் என்றீர்கள். இன்னும் வரவில்லை.

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 8, மாலை 4.45

வந்துவிட்டது ஐயா. ஐந்தாம் நிமிடம் உங்களுடையது.

11ஆம் நூற்றாண்டில் அல் பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதும்போது தெற்கே பனை ஓலையிலும் வடக்கே பூர்ஜ மரப்பட்டையிலும் எழுதுகிறார்கள் என்கிறார். அவர் காகிதத்தில் எழுதிப் பழகியவர். வடக்கிலும் மேற்கிலும் அடுத்த சில நூற்றாண்டுகளில் காகிதம் நிலைத்துவிட்டது. குஜராத்தில் சமணர்களே ஓலையிலிருந்து காகிதத்துக்கு மாறினார்கள். தெற்கில் மட்டும் ஓலை 19ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. ஏன்? காகிதத்தைத் தெரியாததால் இல்லை. துறைமுகங்கள் நிறைந்த நாட்டில் தெரியாமல் இருந்திருக்காது.

எழுத்தாணியை நினைத்துப் பாருங்கள். ஓலையில் எழுதுவதில்லை, கீறுகிறோம். பிறகு கரியைத் தடவுகிறோம். அந்த ஆணியைக் காகிதத்தில் வைத்தால் கிழிந்துவிடும். காகிதத்துக்கு மாற வேண்டுமானால் பேனா, மை, உட்காரும் விதம், ஏட்டைக் கட்டும் விதம் எல்லாமே மாற வேண்டும். பனைமரமோ வீட்டு வாசலில் நிற்கிறது. சமர்கந்துக்காரனிடம் ஏற்கெனவே மையும் நாணற்பேனாவும் இருந்தன. அவன் தாளுக்குக் கஞ்சி போட்டால் போதும், கையை மாற்ற வேண்டியதில்லை. அச்சுமை அண்ணா சொன்னதும் பனங்காடு ஐயா சொன்னதும் இப்படித்தான் எனக்குள் ஒட்டின.

பனங்காடு | பிப்ரவரி 8, மாலை 6.00

எழுத்தாணியில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு, கத்தியோடு சேர்ந்தது. தாத்தாவுடையது என்னிடம் இருக்கிறது. படம் வேண்டுமானால் அனுப்புகிறேன். பாட்காஸ்டில் படம் போட முடியாது என்று தெரியும்.

நாலாம் மாடி | பிப்ரவரி 8, இரவு 8.30

எல்லாம் சரி, இத்தாலி எங்கே? ஃபாப்ரியானோ இல்லாமல் காகிதக் கதையா?

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 9, இரவு 10.10

ஒன்றரை நிமிடம் மிச்சம் இருக்கிறது. அதற்குள் ஐரோப்பாவை அடைக்க வேண்டும். இப்படி எழுதியிருக்கிறேன்:

"ஸ்பெயினிலும் சிசிலியிலும் முஸ்லிம்களிடமிருந்து காகிதம் ஐரோப்பாவுக்குள் வந்தது. வரவேற்பு இல்லை. 1231இல் சிசிலியை ஆண்ட பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், அரசு ஆவணங்களைக் காகிதத்தில் எழுதக்கூடாது, தோலில்தான் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். அதே நூற்றாண்டிலேயே இத்தாலியின் ஃபாப்ரியானோவில் நீர்ச்சக்கரத்தால் இயங்கும் இடிப்பான்கள் கந்தலைக் கூழாக்கின. கஞ்சிக்குப் பதில் விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையை ஏற்றினார்கள். இறகுப் பேனாவின் கீறலை அது தாங்கியது. அச்சின் கம்பியில் சிறு உருவத்தை வளைத்துக் கட்டி, வெளிச்சத்தில் தெரியும் நீர்க்குறியைத் தாளுக்குள் பதித்தார்கள். சரக்கு மலிந்தது. கப்பலேறி வட ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போனது.

"1409இல் இன்றைய அல்ஜீரியாவின் திலிம்சான் நகரில் ஒரு கேள்வி எழுந்தது. கிறித்தவர் செய்த தாளில் நீர்க்குறியாகச் சிலுவை இருக்கிறது. அதன்மேல் இறைவசனத்தை எழுதலாமா? இப்னு மர்சூக் என்ற சட்ட அறிஞர் எழுதலாம் என்று தீர்ப்பளித்தார். ஐரோப்பாவுக்குக் காகிதத்தைக் கற்றுக்கொடுத்தவர்களின் ஊரில், ஐரோப்பியக் காகிதத்தை வாங்குவது கூடுமா கூடாதா என்ற நிலை."

ஓரக்குறிப்பு | பிப்ரவரி 9, இரவு 11.30

இப்னு மர்சூக்கை எங்கே பிடித்தீர்கள்! சரி. இரண்டு திருத்தம். பிரெடெரிக்கின் ஆணையைப் பழமைவாதம் என்று காட்டாதீர்கள். அக்காலத் தாள் ஈரத்திலும் பூச்சியிலும் சீக்கிரம் போய்விடும். கஞ்சி ஏற்றிய தாள் பூச்சிக்கு விருந்து. சிசிலியிலேயே கோமகள் அதெலாசியா 1109இல் காகிதத்தில் எழுதிய ஆணை ஒன்று இன்றும் இருக்கிறது என்பது வேறு கதை. இரண்டாவது, கடைசி வாக்கியம் நாடகத்தன்மையோடு இருக்கிறது. "கற்றுக்கொடுத்தவர்களின் ஊர்" திலிம்சான் இல்லை. ஐரோப்பியர் கற்றது பெரும்பாலும் ஸ்பெயினின் ஹாட்டிவா போன்ற ஊர்களில்.

கடைசிப் பெஞ்சு | பிப்ரவரி 10, காலை 7.05

"கற்றுக்கொடுத்தவர்களின் அண்டை வீட்டில்" என்று மாற்றிவிட்டேன். நாடகத்தை விட மாட்டேன், எனக்கு மதிய வகுப்பு.

வாய்விட்டுப் படித்துப் பார்த்ததில் எட்டு நிமிடத்தைத் தாண்டுகிறது. சாய் லுன் பகுதியை இரண்டு வாக்கியமாகக் குறுக்கினேன். தம்ஜிங் போய்விட்டார். வீஸ்னரை எடுக்க மனம் வரவில்லை. தோழி தஆலிபியின் பெயரைச் சரியாக உச்சரிக்க மறுக்கிறாள், "தாலிபி" என்கிறாள்.

நாலாம் மாடி | பிப்ரவரி 10, காலை 9.20

வீஸ்னரை எடுத்துவிட்டுத் தலாஸ் சண்டைக்கு முப்பது விநாடி கொடுங்கள். குதிரை ஓசை, வாள் ஓசை எல்லாம் வைக்கலாம். ஒலிதானே பாட்காஸ்ட்?

அச்சுமை | பிப்ரவரி 10, காலை 9.45

குதிரையை விடுங்கள். கந்தலை உரலில் இடிக்கும் ஓசையை வையுங்கள். ஈரத்துணியை மடித்து மரக்கட்டையால் அடித்தால் வந்துவிடும். ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், நீர் தெறிக்கும்.